பத்தாண்டு உத்தரவாதம் எதற்கு?



பொல்பிட்டியவில் பாதையோரமாகச் சிறு கடையொன்று வைத்திருக்கும் அம்மையார் ஒருவரை எனக்குத் தெரியும். தோட்டத்தில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, 2024ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி, ஹட்டன் நகரிலே ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினார். யோகட், சோடா, ஐஸ் பக்கெட் ஆகியவற்றை வைத்து விற்பதற்காக வாங்கிய பெட்டி அது. பெட்டியின் கதவிலே, "10 ஆண்டு உத்தரவாதம்" என்று பொன்னிற எழுத்தில் ஒட்டியிருந்தது.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அதாவது வாங்கிய இருபத்தொன்றாம் மாதத்தில், பெட்டி குளிர்ச்சியை இழந்தது. கம்பிரசர் என்னும் இயக்கு பொறி செயலற்றுவிட்டது. அம்மையார் உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். "கம்பிரசர் இலவசம், அம்மா. ஆனால் வாயு நிரப்பும் செலவு, வேலைக் கூலி, லொறிக் கூலி ஆகிய மூன்றையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்" என்றார் கடை முதலாளி. "பத்து வருஷம் என்று எழுதியிருக்கிறதே, முதலாளி?" என்று அம்மையார் கேட்டார். "பத்து வருஷம் கம்பிரசருக்கு" என்றார் அவர்.

இருவரும் பொய் சொல்லவில்லை. முதலாளி சீட்டின் மூன்றாம் வரியை நம்பினார். அம்மையார் கதவின் பொன்னெழுத்தை நம்பினார். பிழை எழுத்தில் இருந்தது. சில வாரங்களின் பின் அதே முதலாளி, "இந்தச் சீட்டைத் திருத்தித் தர முடியுமா? எனக்கும் இதனால் தினமும் தகராறு" என்று என்னிடம் கொடுத்தார். அதைத் திருத்திய விதத்தையே இன்று உங்களிடம் கூற விரும்புகின்றேன்.

முதலிலே சீட்டில் இருந்த வாசகத்தைக் கேளுங்கள்:

"இக்குளிர்சாதனப் பெட்டிக்குப் பத்தாண்டுக்கால உத்தரவாதம் அளிக்கப்படுகின்றது. கொள்வனவுத் திகதியிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் உற்பத்திக் குறைபாடுகளால் ஏற்படும் பழுதுகள் நிறுவனத்தின் தற்றுணிபின்படி திருத்தப்படும் அல்லது மாற்றப்படும். மேற்படி காலத்தின் பின் உத்தரவாதம் கம்பிரசருக்கு மட்டுமே ஏற்புடையதாகும். தவறான பாவனை, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, இயற்கை அனர்த்தம் மற்றும் இவை போன்ற காரணங்களால் ஏற்படும் பழுதுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது. உத்தரவாதக் கோரிக்கைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட முகவரை அணுகவும்."

இலக்கணப் பிழை இதில் ஏதும் இல்லை. ஆயினும் பெட்டி பழுதான நாளில் இதைப் படிப்பவருக்கு, இனி என்ன செய்வது என்பது விளங்காது. உத்தரவாதச் சீட்டை மகிழ்ச்சியோடு பெட்டி வாங்கும் நாளில் எவரும் படிப்பதில்லை. பெட்டி பழுதாகி, உள்ளே இருந்த பொருள் கெட்டுப்போகும் நாளிலேதான் படிக்கின்றனர். ஆகவே அதைத் திருத்துபவர் அந்த நாளிலே நின்றுகொண்டு திருத்த வேண்டும். நான் செய்ததும் அதுவே. ஒரு வெள்ளைத் தாளில், கம்பிரசர் பழுதான அந்த ஒரு நிகழ்ச்சிக்கு ஆகும் செலவை நான்காகப் பிரித்து எழுதினேன்: உறுப்பின் விலை, வாயு, வேலைக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி. ஒவ்வொன்றின் எதிரிலும், "யார் கொடுப்பது?" என்று எழுதினேன். பழைய சீட்டு இந்நான்கில் முதலாவதற்கு மட்டுமே விடை தந்தது. மற்ற மூன்றையும் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்லாமல் விட்ட இடத்தை வாங்கியவர் தமக்குச் சாதகமாகவும் விற்றவர் தமக்குச் சாதகமாகவும் நிரப்பிக்கொண்டனர்.

இந்த விடைகளைத் திருத்துபவர் தாமே கற்பித்துக்கொள்ளலாகாது. நிறுவனம் தருவதாக ஒப்பிய அளவுக்கு மேலும் எழுதக்கூடாது, குறைத்தும் எழுதக்கூடாது. ஆகையால் முதலாளி மூலமாக நிறுவனத்துக்குப் பதினொரு கேள்விகளை எழுத்திலே அனுப்பி, எழுத்திலே விடை பெற்றேன். அதன் பிறகே பேனாவை எடுத்தேன்.

முதலாவதாகத் தலைப்பு. "பத்தாண்டுக்கால உத்தரவாதம்" என்னும் முதல் வாக்கியமே தகராறின் வேர். பெட்டி என்று தொடங்கிப் பத்தாண்டு என்று முடிந்தால், பத்தாண்டு பெட்டிக்கே என்றுதான் எவரும் கொள்வர். மூன்றாம் வாக்கியத்திலே அதைக் குறைப்பது, முன்வாசலில் கொடுத்ததைப் பின்வாசலில் வாங்குவது போலாகும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மக்னூசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் இந்த நோயைத் தலைப்பிலேயே பிடித்தது. எழுத்தில் தரும் உத்தரவாதத்தின் தலைப்பிலேயே அது "முழுமையானது" என்றோ "வரையறைக்கு உட்பட்டது" என்றோ குறித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. எவ்வுறுப்புகள் அடங்கும், எவை அடங்கா, எப்போது தொடங்கி எவ்வளவு காலம், கோருவதற்குப் படிப்படியாக என்ன செய்வது என்பனவற்றை எளிய மொழியில் கூற வேண்டும் என்றும் அது விதித்தது. அது நம் நாட்டுச் சட்டமன்று; ஆயினும் திருத்துபவருக்கு நல்லதோர் அளவுகோல்.

நான் முதலில் எழுதிய தலைப்பு, "பெட்டி முழுவதற்கும் 1 ஆண்டு, கம்பிரசருக்கு மட்டும் 10 ஆண்டு" என்பது. எழுதி முடித்தபின் நிறுவனத்தின் விடைகளைத் திரும்பப் பார்த்தேன். உள்ளே எரியும் விளக்கும், கண்ணாடித் தட்டுகளும் ஓராண்டிலும் அடங்கா என்று அதில் இருந்தது. அப்படியானால் "முழுவதற்கும்" என்ற சொல்லும் பொய்யாகிவிடுகின்றது அல்லவா? பழைய தலைப்பின் பிழையை நானே சிறிதாகத் திரும்பச் செய்திருந்தேன். அச்சொல்லை அடித்துவிட்டு, "விளக்கும் கண்ணாடித் தட்டுகளும் தவிர" என்று சேர்த்தேன். விலக்கு ஒன்று இருக்குமாயின், அது வாக்குறுதி நிற்கும் வரியிலேயே நிற்றல் வேண்டும்.

அடுத்தது, கம்பிரசர் என்றால் எதுவரை என்னும் கேள்வி. இது சொல் விளையாட்டன்று. பெட்டியின் பின்புறத்தில் அடியிலே, கறுப்பு நிறத்தில் குடம்போல் மூடப்பட்டிருப்பது கம்பிரசர். அதன் பக்கத்திலே, ஒரு சிறு மூடிக்குள், அதைத் தொடக்கிவைக்கும் ரிலே என்ற கருவியும், சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் பொருத்தப்பட்டிருக்கும். பெட்டி இயங்காதபோது வாங்கியவர், "கம்பிரசர் போய்விட்டது" என்கிறார். திருத்த வந்தவர் திறந்து பார்த்தால் பல வேளைகளில் ரிலே மட்டுமே கருகியிருக்கும். அது பத்தாண்டில் அடங்குமா, ஓராண்டிலா? நிறுவனம் கொடுத்த விடை, ஓராண்டில் என்பதாகும். ஆகையால் சீட்டிலே, "கம்பிரசர் என்பது மூடப்பட்ட கறுப்பு நிறக் குடத்தை மட்டும் குறிக்கும், வெளியே பொருத்திய ரிலே, பாதுகாப்புக் கருவி ஆகியவை ஓராண்டு உத்தரவாதத்தில் அடங்கும்" என்று எழுதினோம். கேட்பதற்கு மகிழ்ச்சி தராத வரிதான். ஆயினும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஹட்டன் வரை போய்த் தெரிந்துகொள்வதைவிட, சீட்டிலே படித்துத் தெரிந்துகொள்வது நன்று.

மூன்றாவது, காலம். "கொள்வனவுத் திகதியிலிருந்து பன்னிரண்டு மாதங்கள்" என்பது தெளிவாகத்தான் தோன்றுகின்றது. ஆனால் நமது மலைப்பகுதியில் பணம் கட்டும் நாள் ஒன்று, லொறி வந்து பெட்டியை இறக்கும் நாள் மற்றொன்று. தவணை முறையில் வாங்கினாலோ முதல் தவணை, கடைசித் தவணை என்று வேறு நாட்களும் உண்டு. இவற்றுள் எது கொள்வனவுத் திகதி? நிறுவனம், பற்றுச்சீட்டில் உள்ள திகதியே என்று விடையளித்தது. அதை அப்படியே எழுதினோம். அத்துடன், கணக்கு வாங்கியவர் தலையில் விழாதபடி, சீட்டிலே இரண்டு வெற்றிடங்களை வைத்தோம். கடைக்காரர் விற்கும்போதே அவற்றைக் கையால் நிரப்ப வேண்டும். நம் அம்மையாரின் பெட்டிக்கு அவை இவ்வாறு இருந்திருக்கும்: பெட்டியின் உத்தரவாதம் முடியும் நாள் 2025 மார்ச் 14, கம்பிரசரின் உத்தரவாதம் முடியும் நாள் 2034 மார்ச் 14. "வரை" என்ற சொல்லில் கடைசி நாள் சேருமா சேராதா என்ற வழக்கு எழாதிருக்க, "அந்நாளும் உட்பட" என்று சேர்த்தோம். புதிதாக மாற்றிய உறுப்புக்கு உத்தரவாதம் மறுபடி தொடங்காது, முதலில் குறித்த நாளிலேயே முடியும் என்பதையும் ஒரு வரியில் கூறினோம்.

நான்காவது, விலக்குகள். பழைய சீட்டின் "இயற்கை அனர்த்தம் மற்றும் இவை போன்ற காரணங்கள்" என்னும் தொடர் ஓர் அடியற்ற பை. எதையும் அதற்குள் போட்டுவிடலாம். பொல்பிட்டியவில் 1969ஆம் ஆண்டு முதல் நீர்மின் நிலையம் இயங்குகின்றது. ஆனால் மின்னிலையத்தின் அருகில் வாழ்வதனால் வீட்டுக் கம்பியில் மின்னல் இறங்காதிருக்குமா? பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், பிற்பகலில் இடியும் மின்னலும் இங்கே வழக்கம். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என்று கணக்கு. நீண்ட கம்பியின் முடிவில் உள்ள வீடுகளில் அது குறைந்து விடுவதுண்டு. குறைந்த அழுத்தத்தில் திரும்பத் திரும்பத் தொடங்க முயலும் கம்பிரசர் சூடேறிக் கெடும். ஆகவே "மின்னழுத்த ஏற்றத்தாழ்வு" என்னும் இரண்டு சொற்கள், மலைநாட்டில் விற்கும் உத்தரவாதத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடக் கூடியவை.

இவ்விடத்தில் நிறுவனத்தைக் கேட்ட கேள்விகள் இரண்டு. எவ்வளவு ஏற்றத்தாழ்வு? அதனால்தான் பழுது என்பதை எவர் முடிவு செய்வது? முதற்கேள்விக்கு, இன்ன அளவுக்குக் கீழோ மேலோ என்று பெட்டியின் கையேட்டில் உள்ள எண்களையே தந்தனர். அவற்றைச் சீட்டிலும் அச்சிட்டோம். ஸ்டெபிலைசர் பூட்டியிருந்தால் அழுத்தக் குறைவைக் காரணமாகக் கூறி மறுப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டனர். அதுவும் சீட்டில் ஏறியது. இரண்டாம் கேள்விக்கு, நிறுவனத்தின் திருத்துநரே பார்த்து முடிவு செய்வார் என்றனர். நான் ஒன்று வேண்டினேன்: அவர் மறுப்பாராயின், எந்த உறுப்பிலே என்ன அடையாளத்தைக் கண்டு மறுத்தார் என்பதை எழுதி ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். சற்றுத் தயங்கி ஒப்பினர். அந்த ஒரு வரியே திருத்தத்தில் மிகப் பெரிய பயன் என்று நான் கருதுகின்றேன். எழுதிக் கொடுத்த காரணத்தை மற்றொருவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம். வாயால் சொன்ன காரணத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

ஐந்தாவது, கோரும் முறை. "அங்கீகரிக்கப்பட்ட முகவரை அணுகவும்" என்பதில் முகவர் யார், எங்கே, எதைக் கொண்டு, எத்தனை நாளில் என்னும் நான்கும் இல்லை. "திருத்தப்படும்" என்ற வினையிலும் செய்பவர் மறைந்திருக்கின்றார். தமிழிலே "படும்" என்று முடியும் வினையை உத்தரவாதத்தில் கண்டால், உடனே "எவரால்?" என்று கேட்டுவிடுங்கள். "திருத்தப்படும்" என்பதை "நாங்கள் திருத்திக் கொடுப்போம்" என்றும், "தற்றுணிபின்படி" என்பதை "திருத்துவதா, புதிதாக மாற்றித் தருவதா என்பதை நாங்கள் முடிவு செய்வோம்" என்றும் மாற்றினோம். உரிமை நிறுவனத்திடமே இருக்கின்றது. ஆனால் இப்போது அது கண்ணுக்குத் தெரிகின்றது.

பற்றுச்சீட்டைப் பற்றியும் ஒரு சொல். இக்காலக் கடைகளில் தரும் வழுவழுப்பான பற்றுச்சீட்டு, சூட்டினால் எழுத்து தோன்றும் தாள். வெயிலிலோ அடுப்பருகிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்தால், சில மாதங்களில் எழுத்து மறைந்து வெறுந்தாளாகிவிடும். பத்தாண்டு உத்தரவாதத்துக்கு அத்தகைய தாளைச் சான்றாகக் கேட்பது பொருந்துமா? ஆகையால், கடை முத்திரையும் திகதியும் பெட்டியின் தொடரிலக்கமும் மையினால் எழுதிய உத்தரவாதச் சீட்டையே சான்றாக ஏற்க நிறுவனம் இணங்கியது.

திருத்திய வாசகம் இதுவாகும்:

"இந்த உத்தரவாதம், விளக்கும் கண்ணாடித் தட்டுகளும் தவிர, பெட்டிக்கு 1 ஆண்டு, கம்பிரசருக்கு மட்டும் 10 ஆண்டு.

முதல் ஆண்டில் பெட்டி தானாகப் பழுதானால் உறுப்பு, வாயு, வேலைக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி ஆகிய நான்கையும் நாங்கள் ஏற்போம். இரண்டாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை கம்பிரசரை மட்டும் இலவசமாகத் தருவோம். வாயு, வேலைக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி மூன்றையும் நீங்கள் கொடுக்க வேண்டும். அத்தொகையை வேலை தொடங்குமுன் எழுத்தில் தெரிவிப்போம்.

பழுது ஏற்பட்டால்: முதலில், இச்சீட்டில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, திருத்துநர் வரும்வரை வேறு எவரையும் பின்மூடியைத் திறக்க விடாதீர்கள். திறந்தால் இந்த உத்தரவாதம் செல்லாது. மூன்றாவதாக, திருத்துநர் வரும்போது இச்சீட்டைக் காட்டுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் அவர் வருவார்."

இதன் கீழே கம்பிரசர் விளக்கமும், முடியும் நாட்களும், விலக்குகளும் முன்னர் சொன்னவாறு வந்தன.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதைச் சோதித்தோம். பெட்டி விற்பனையோடு தொடர்பில்லாத மூவரிடம் சீட்டைக் கொடுத்து, "விளங்கியதா?" என்று கேட்கவில்லை. அவ்வாறு கேட்டால் எவரும் மரியாதைக்காக, "விளங்கியது" என்றே சொல்வர். "இருபத்தொன்றாம் மாதத்தில் கம்பிரசர் நின்றுவிட்டது. உங்கள் கையிலிருந்து எதற்கெல்லாம் பணம் போகும்?" என்று கேட்டோம். இருவர் சரியாகச் சொன்னார்கள். மூன்றாமவர், "பாஸிடம் சொல்லி மூடியைத் திறந்து பார்க்கச் சொல்வேன்" என்றார். பக்கத்து ஊரில் திருத்துவேலை செய்யும் ஒருவரைத்தான் அவர் பாஸ் என்றார். மூடியைத் திறக்கக் கூடாது என்ற வரி அவர் கண்ணில் படவேயில்லை. அது இரண்டாம் படியின் நடுவில் அடங்கிக் கிடந்ததே காரணம். அதனை எடுத்து, தொலைபேசி இலக்கத்துக்கு மேலே, தனி வரியாகத் தடித்த எழுத்தில் வைத்தோம். மறுநாள் வேறு இருவரிடம் காட்டியபோது அவ்வரியையே முதலில் படித்தனர்.

இத்தனை செய்தும், எழுத்தைத் திருத்துவதால் வாக்குறுதி பெரிதாகிவிடாது. அம்மையாரின் பெட்டிக்கு இப்புதிய சீட்டு இருந்திருப்பினும், மூன்று செலவுகளையும் அவரே கொடுத்திருப்பார். ஆனால் வாங்கும் நாளிலேயே அதை அறிந்திருப்பார். வேறு பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார். சீட்டில் எழுதிய வாக்கை விற்றவர் காப்பாற்றாவிட்டால் முறையிடவும் இடமுண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றது பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கலாம். முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும்; காலந்தாழ்த்தாது கொடுத்தல் வேண்டும். அதன் தொலைபேசி இலக்கம் 1977. அங்கே சென்றாலும், முதலில் கேட்பது உங்கள் கையில் உள்ள சீட்டில் என்ன எழுதியிருக்கின்றது என்பதையே.

அம்மையார் மூன்று செலவுகளையும் தவணையாகக் கட்டினார். பெட்டி மறுபடி குளிர்கின்றது. கதவில் இருந்த பொன்னெழுத்தை அவர் சுரண்டி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் முதலாளி கொடுத்த புதிய சீட்டின் பிரதியை ஒட்டியிருக்கின்றார். கம்பிரசரின் உத்தரவாதம் முடியும் நாள் அதில் மையினால் எழுதியிருக்கின்றது: 2034 மார்ச் 14, அந்நாளும் உட்பட.